எனலாப்ரில் ஏன் இருமலைத் தருகிறது: பக்க விளைவுகளைச் செயல்முறையிலிருந்து எழுதுவது

செவிலியர் படிப்பிலும் மருந்தாளுநர் படிப்பிலும் மருந்தியல் பாடத்துக்குத் தரப்படும் அசைன்மென்ட் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் இருக்கும். மருந்தின் பெயர், அது சேர்ந்த வகை, செயல்படும் விதம், பக்க விளைவுகள், செவிலியர் கவனிக்க வேண்டியவை என்று கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றையும் நிரப்பித் தர வேண்டும். நான் திருத்தும் தாள்களில் எனலாப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்துக்கு எதிரே அடிக்கடி காணும் வரி இதுதான்: “வகை: ஏஸ் இன்ஹிபிட்டர். செயல்: ஏஸ் நொதியைத் தடுக்கிறது. பக்க விளைவு: வறட்டு இருமல், தலைசுற்றல், தலைவலி, குமட்டல், பொட்டாசியம் அதிகரித்தல்.” இதில் எதுவும் தவறில்லை. ஆனால் மூன்றாவது கட்டத்தை மூடி வைத்துவிட்டு நான்காவது கட்டத்தைப் படித்தாலும் எதுவும் குறையவில்லை என்பதுதான் என் வருத்தம். இருமலும் பொட்டாசியமும் ஏன் அங்கே இருக்கின்றன என்று கேட்டால், எழுதியவரால் பல சமயம் சொல்ல முடிவதில்லை.

அந்த ஐந்து பக்க விளைவுகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. சில விளைவுகள் மருந்து எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலையின் நீட்சியாக வருகின்றன. சில விளைவுகள், மருந்து தடுக்கும் அதே நொதி உடலில் செய்துவந்த வேறொரு வேலை நின்றுபோவதால் வருகின்றன. இன்னும் சில, அந்த வகைக்குச் சம்பந்தமே இல்லாமல் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறின் அமைப்பினால் வருகின்றன. இந்த மூன்றையும் பிரித்து எழுதத் தெரிந்தால், எந்த விளைவு மாத்திரையின் அளவைக் குறைத்தால் சரியாகும், எது வகையையே மாற்றினால்தான் நிற்கும், எதற்கு அதே வகையில் வேறு மாத்திரை போதும் என்பது தானாகவே தெரிந்துவிடும். இதைத் தெளிவாகக் காட்டுவதற்கு எனலாப்ரிலை விடப் பொருத்தமான மருந்து எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் சங்கிலியைப் பார்ப்போம். சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்தாலோ உடலில் உப்பு குறைந்தாலோ சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரக்கிறது. கல்லீரல் உற்பத்தி செய்து இரத்தத்தில் விட்டிருக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரெனின் வெட்டி, பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின் 1 என்ற துண்டாக ஆக்குகிறது. இந்தத் துண்டுக்குத் தனியாகப் பெரிய வேலை எதுவும் இல்லை. நுரையீரலின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் நிறைந்திருக்கும் ஏஸ் என்ற நொதி, அதிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கி ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றிய பிறகுதான் அது வீரியம் பெறுகிறது. நுரையீரல் மட்டுமல்லாமல் பிற இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் இந்த நொதி உண்டு.

ஆஞ்சியோடென்சின் 2 செய்யும் வேலைகளில் மூன்றை நினைவில் வைத்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். அது உடலெங்கும் சிறு தமனிகளைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோன் சுரக்கவைக்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரகத்தில் சோடியத்தைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. மூன்றாவதாக, சிறுநீரக வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் நுண்தமனியைச் சுருக்கி, வடிகட்டிக்குள் அழுத்தம் குறையாமல் காக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் உள்ளே அழுத்தம் கூடுவதைப் போல என்று வகுப்பில் சொல்வதுண்டு.

எனலாப்ரில் ஏஸ் நொதியைத் தடுத்தால் இந்த மூன்று வேலைகளும் ஒருசேரக் குறைகின்றன. தமனிகள் தளர்ந்து அழுத்தம் இறங்குவது நாம் விரும்பும் பலன். ஆனால் அதே தளர்ச்சி, ஏற்கெனவே சிறுநீர்ப் பெருக்கி மாத்திரை சாப்பிட்டு உடலில் நீர் குறைந்திருக்கும் ஒருவருக்கு முதல் மாத்திரையிலேயே அளவுக்கு மீறி வந்துவிட்டால், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு விழக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான 5 மி.கி. அளவில் தொடங்காமல் 2.5 மி.கி. அளவில் தொடங்குவதன் காரணம் இதுதான். விழுங்கிய ஒரு மணி நேரத்தில் அழுத்தம் இறங்கத் தொடங்கி, 4 முதல் 6 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் இறங்குகிறது. எனவே முதல் மாத்திரை கொடுத்த செவிலியர், அரை மணி நேரத்தில் ஒருமுறை அளந்து “இரத்த அழுத்தம் சீராக உள்ளது” என்று குறித்துவிட்டுப் போவது போதாது. “தலைசுற்றல்” என்று ஒற்றைச் சொல்லில் எழுதும் மாணவர், அது எப்போது, யாருக்கு வரும் என்ற பயனுள்ள பகுதியை விட்டுவிடுகிறார்.

பொட்டாசியம் கூடுவதும் இதே முதல் வகையைச் சேர்ந்தது. ஆல்டோஸ்டீரோன் குறைந்தால் பொட்டாசியம் வெளியேறுவது குறைகிறது. நலமான சிறுநீரகம் உள்ளவருக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதாக இருப்பதில்லை. சிறுநீரகம் நலிந்தவர், நீண்டகால நீரிழிவு உள்ளவர், ஸ்பைரோனோலாக்டோன் போன்று பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து. நம் ஊரில் கூடுதலாகக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று இளநீர், அது பொட்டாசியம் நிறைந்த பானம், உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் குடிப்பவர்கள் உண்டு. மற்றொன்று, கடைகளில் கிடைக்கும் சோடியம் குறைத்த உப்பு. இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று நம்பி வாங்கும் அந்த உப்பில், குறைத்த சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். பிறருக்கு நன்மை தரக்கூடிய அந்த மாற்றமே எனலாப்ரில் எடுக்கும் சிறுநீரக நோயாளிக்குப் பாதகமாகிவிடுகிறது.

இனி இருமல். இதை விளக்க ஒரு பாம்பின் கதையைச் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவில் வாழும் ஜராராகா என்ற விரியன் வகைப் பாம்பின் நஞ்சு, கடிபட்டவரின் இரத்த அழுத்தத்தைக் கடுமையாக இறக்கிவிடும். பிரேசில் நாட்டு மருந்தியலாளர் செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-இல், இந்த நஞ்சில் உள்ள ஒரு பொருள் பிராடிகினின் என்ற இயற்கையான வேதிப்பொருளின் செயலைப் பன்மடங்காக்குகிறது என்று காட்டினார். பிராடிகினின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அவற்றின் சுவர் வழியே நீர் கசியவும் வைக்கும். அதைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதியும், ஆஞ்சியோடென்சின் 1-ஐ நறுக்கும் ஏஸ் நொதியும் ஒன்றே என்பது பிறகு தெளிவானது. அந்த நஞ்சுப் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு, வாய்வழி கொடுக்கக்கூடிய மூலக்கூறு ஒன்றை ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகுவேல் ஒண்டெட்டியும் உருவாக்கினார்கள். அதுதான் கேப்டோப்ரில். 1981-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

ஆக, ஏஸ் நொதியைத் தடுக்கும்போது நாம் ஒரே நேரத்தில் இரண்டு கதவுகளைச் சாத்துகிறோம். ஒரு பக்கம் ஆஞ்சியோடென்சின் 2 உருவாவது நிற்கிறது. மறுபக்கம் பிராடிகினின் சிதைவது குறைந்து அது தேங்குகிறது. மூச்சுக்குழாய்ச் சுவரில் தேங்கும் பிராடிகினினும், அதே நொதியால் சிதைக்கப்பட வேண்டிய சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளும் அங்குள்ள இருமல் நரம்புகளைக் கூருணர்வு உள்ளவையாக்குகின்றன என்பதே இருமலுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். நான் மேலே சொன்ன இரண்டாவது வகை இதுதான். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் வேலைக்கும் இந்த இருமலுக்கும் நேரடித் தொடர்பில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது தடுக்கப்பட்ட அந்த ஒரு நொதி மட்டுமே.

இந்த இருமலை அடையாளம் காண்பதற்கும் இந்த விளக்கமே உதவுகிறது. சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ கூசுவதுபோல் இருந்துகொண்டே இருக்கும், படுத்தால் கூடும். மாத்திரை தொடங்கிய சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரங்களோ மாதங்களோ கழித்தும் வரலாம். அதனால்தான் நோயாளி மாத்திரையையும் இருமலையும் சேர்த்து நினைப்பதில்லை. பெண்களுக்கும், கிழக்காசிய மக்களுக்கும் கூடுதலாக வருவது பதிவாகியிருக்கிறது. அளவைக் குறைப்பதாலோ, அதே வகையில் ராமிப்ரில், லிசினோப்ரில் என்று மாற்றுவதாலோ பெரும்பாலும் பயன் இருக்காது, ஏனென்றால் எல்லாமே அதே நொதியைத்தான் தடுக்கின்றன. நிறுத்தினால் வழக்கமாக 1 முதல் 4 வாரங்களுக்குள் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கலாம். நிறுத்திய மூன்றாம் நாளே “இருமல் நிற்கவில்லை, எனவே மாத்திரை காரணமல்ல” என்று முடிவு கட்டுவது தவறு.

இதே பிராடிகினின் உதடு, நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் நீரைக் கசியவைத்தால் வருவது ஆஞ்சியோஎடீமா என்ற வீக்கம். இது ஆயிரத்தில் சிலருக்கே வருகிறது, ஆனால் மூச்சுப்பாதையை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் வருவது அதிகம் என்றாலும், பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிட்டவருக்கும் திடீரென்று வரலாம். வழக்கமான ஒவ்வாமை வீக்கத்தில் தோல் தடிப்பும் அரிப்பும் சேர்ந்து வரும். இதில் அவை இருக்காது. ஹிஸ்டமின் இங்கே காரணமல்ல என்பதால், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஊசிகளுக்கு இது எதிர்பார்த்தபடி அடங்காமல் போகலாம். எனவே ஊசி போட்டுவிட்டோம் என்று அமைதியாக இருக்காமல் மூச்சுப்பாதையைக் காக்கும் ஏற்பாட்டில் கண் வைக்க வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவருக்கு இந்த வகையில் எந்த மாத்திரையும் மறுபடி கொடுக்கக் கூடாது.

மூன்றாவது வகைக்கு அதிக இடம் தேவையில்லை. கேப்டோப்ரிலின் மூலக்கூறில் கந்தகம் கொண்ட ஒரு தொகுதி உண்டு. நாக்கில் சுவை மாறிப்போவதும் தோலில் தடிப்பு வருவதும் அந்த மருந்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதற்கு அந்தத் தொகுதியே காரணம் என்று கருதப்பட்டது. அது இல்லாமல் வடிவமைக்கப்பட்டதுதான் எனலாப்ரில். இத்தகைய விளைவுக்கு அதே வகைக்குள் வேறு மாத்திரைக்கு மாறினால் போதும். இருமலுக்கு அது போதாது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மூன்று வகையாகப் பிரிப்பதன் பயன் விளங்கும்.

இந்த இடத்தில் லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற சார்டான் வகையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இவை ஏஸ் நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் 2 போய் அமரும் ஏற்பியில் முன்னதாகவே உட்கார்ந்துகொண்டு அதன் வேலையைத் தடுக்கின்றன. நொதி சுதந்திரமாக இருப்பதால் பிராடிகினின் வழக்கம்போல் சிதைகிறது. எனவே இருமல் வருவதில்லை, வீக்கமும் மிக அரிதாகவே வருகிறது. ஆனால் ஆஞ்சியோடென்சின் 2 வழியாக நடக்கும் எல்லாமே இங்கும் நிற்கின்றன. அழுத்தம் இறங்குவது, பொட்டாசியம் கூடுவது, வடிகட்டியின் அழுத்தம் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறுவது, கர்ப்பிணிக்குக் கொடுத்தால் சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்படுவது ஆகிய நான்கும் இரு வகைக்கும் பொது. இருமல் ஒன்றை வைத்து “லோசார்டான் பாதுகாப்பானது” என்று பொதுவாக எழுதும் மாணவர் இந்த நான்கையும் மறந்துவிடுகிறார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்ற எண்ணமும் முன்பு இருந்தது. 2008-இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் ராமிப்ரிலையும் டெல்மிசார்டானையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு இதயப் பாதுகாப்பில் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. சிறுநீரகப் பாதிப்பும் அழுத்தம் அதிகம் இறங்கியதால் வரும் தொல்லைகளும்தான் கூடின.

இப்போது அசைன்மென்டில் வரக்கூடிய ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இது பயிற்சிக்காக நான் அமைத்த கணக்கு. 62 வயதுப் பெண், பத்தாண்டுகளாக நீரிழிவு உள்ளவர். இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர்ப் பெருக்கியை 12.5 மி.கி. எடுத்துவந்தவருக்கு, ஆறு வாரங்களுக்கு முன் எனலாப்ரில் 2.5 மி.கி. தொடங்கி, பின்னர் 5 மி.கி. வீதம் காலை மாலை என்று உயர்த்தினார்கள். தொடங்கும்முன் கிரியேட்டினின் 0.9, பொட்டாசியம் 4.3. இரண்டு வாரம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.0, பொட்டாசியம் 4.6. இப்போது அவர் வறட்டு இருமல், உடல் அசதி, கால்களில் பலமின்மை என்று வருகிறார். இரத்த அழுத்தம் 104/66, கிரியேட்டினின் 1.6, பொட்டாசியம் 5.8.

இரண்டாவது வாரக் கணக்கை முதலில் பாருங்கள். 0.9-இலிருந்து 1.0 என்பது சுமார் 11 விழுக்காடு உயர்வு. வடிகட்டியிலிருந்து வெளியேறும் நுண்தமனி தளர்ந்ததன் அடையாளம் அது. நாள்பட அதுவே நீரிழிவு நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கும் காரியமும் ஆகும். 30 விழுக்காடு வரையிலான உயர்வு, அத்துடன் நிலைபெற்றுவிட்டால், மருந்தை நிறுத்தக் காரணமாகாது. ஆனால் ஆறாவது வாரத்தில் 0.9 இப்போது 1.6 ஆகியிருக்கிறது, அதாவது ஏறத்தாழ 78 விழுக்காடு உயர்வு. இதை எனலாப்ரிலின் எதிர்பார்த்த விளைவு என்று ஒதுக்க முடியாது. இடையில் புதிதாக ஏதோ நடந்திருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பது கேள்வி கேட்கும் செவிலியரின் கையில் இருக்கிறது. “வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும், ஏனென்றால் மருந்துச் சீட்டில் இல்லாததை அவர் மாத்திரையாகக் கணக்கில் எடுப்பதில்லை. “மூட்டு வலிக்கு என்ன செய்கிறீர்கள்?”, “இருமலுக்கு என்ன வாங்கினீர்கள்?” என்று தனித்தனியாகக் கேட்டால் விஷயம் வெளிவரும். மூட்டு வலிக்காக எட்டு நாளாகக் கடையில் டைக்ளோஃபெனாக் 50 மி.கி. வாங்கி இருவேளை சாப்பிட்டிருக்கிறார். இருமலுக்கு ஒரு பாட்டில் மருந்து தீர்ந்து இரண்டாவது ஓடுகிறது. அசதி தீர தினம் ஓர் இளநீர்.

இனி மூன்று மருந்துகளையும் ஒரே வடிகட்டியின் மீது வைத்துப் பாருங்கள். வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் நுண்தமனியைத் திறந்து வைப்பவை புரோஸ்டகிளாண்டின்கள். அவை உருவாவதை டைக்ளோஃபெனாக் தடுத்ததால் நுழைவாயில் குறுகியது. வெளியேறும் நுண்தமனியைச் சுருக்கி அழுத்தத்தைக் காத்துவந்தது ஆஞ்சியோடென்சின் 2. எனலாப்ரிலால் அது போனதால் வெளிவாயில் அகன்றது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடலின் நீரையும் உப்பையும் குறைத்து, வந்து சேரும் இரத்தத்தையே குறைத்தது. ஒவ்வொன்றும் தனியாக இருந்திருந்தால் சிறுநீரகம் மற்ற இரண்டு வழிகளால் ஈடுகட்டியிருக்கும். மூன்றும் சேர்ந்ததால் ஈடுகட்ட வழியில்லாமல் வடிகட்டல் சரிந்தது, கிரியேட்டினின் ஏறியது. வடிகட்டல் குறைந்ததும், ஆல்டோஸ்டீரோன் குறைந்ததும், இளநீரும் சேர்ந்து பொட்டாசியத்தை 5.8-க்குக் கொண்டுபோயின. தயசைடு வழக்கமாகப் பொட்டாசியத்தை இறக்கும் மருந்து; அது இருந்தும் இவ்வளவு ஏறியிருப்பது நிலைமையின் தீவிரத்தைக் காட்டுகிறது.

இந்த நிலையில் செவிலியர் செய்ய வேண்டியது, அடுத்த வேளை எனலாப்ரிலைக் கொடுக்காமல் மருத்துவருக்கு உடனே தெரிவித்து, இ.சி.ஜி. எடுக்க ஏற்பாடு செய்வது. உயர்ந்து கூராகிய டி அலைகள் தெரிந்தால் அவசரம் உறுதி. தெரியாவிட்டாலும் ஆபத்தில்லை என்று பொருளல்ல. இரத்த மாதிரி எடுத்தபோது கட்டு நீண்ட நேரம் இறுக்கமாக இருந்ததா, கையை மீண்டும் மீண்டும் மூடித் திறக்கச் சொன்னார்களா, ஆய்வகத்துக்குப் போகத் தாமதமாகி இரத்த அணுக்கள் உடைந்தனவா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் உடைந்த அணுக்களின் பொட்டாசியம் பொய்யான உயர்வைக் காட்டும். இவருக்குக் கிரியேட்டினினும் சேர்ந்து ஏறியிருப்பதால் உயர்வு உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மறுமாதிரி அனுப்பலாம், அதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது.

இதே கணக்கை வகுப்பில் கொடுத்து, அடுத்து என்ன மருந்து என்று கேட்டால், பாதிப் பேராவது “இருமல் இருப்பதால் லோசார்டானுக்கு மாற்றலாம்” என்று எழுதுகிறார்கள். இருமலுக்கு அது சரியான விடை. ஆனால் இன்று இந்த நோயாளியின் உயிருக்கு ஆபத்து இருமலால் அல்ல, பொட்டாசியத்தால்; அது பிராடிகினின் வழியாக வரவில்லை, ஆஞ்சியோடென்சின் 2 வழியாக வந்தது. லோசார்டான் அந்த வழியையும் அதேபோல் அடைக்கும். ஆகவே முதலில் டைக்ளோஃபெனாக் நிற்க வேண்டும், எனலாப்ரிலும் சிறுநீர்ப் பெருக்கியும் தற்காலிகமாக நிறுத்தப்பட வேண்டும், இளநீர் கூடாது. அழுத்தம் மறுபடி ஏறினால், இந்தச் சங்கிலியைத் தொடாத அம்லோடிபின் போன்ற மருந்தை மருத்துவர் இடைக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம். கிரியேட்டினினும் பொட்டாசியமும் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே, நீரிழிவுச் சிறுநீரகத்தைக் காக்கும் நோக்கத்தோடு குறைந்த அளவில் லோசார்டான் தொடங்குவது பற்றி யோசிக்க முடியும். தொடங்கினால் ஓரிரு வாரத்தில் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும்.

எனவே எனலாப்ரிலின் நான்காவது கட்டத்தை நான் இப்படி எழுதச் சொல்கிறேன்: “ஆஞ்சியோடென்சின் 2 குறைவதால்: முதல் வேளையில் அழுத்த வீழ்ச்சி, பொட்டாசியம் உயர்வு, கிரியேட்டினின் உயர்வு, சார்டான் வகைக்கும் இவை உண்டு. பிராடிகினின் தேங்குவதால்: வறட்டு இருமல், முக வீக்கம், சார்டான் வகையில் இருமல் இல்லை, வீக்கம் மிக அரிது.” தலைவலியும் குமட்டலும் அதற்குக் கீழே ஒரு வரியில் வரட்டும். செவிலியர் கவனிக்க வேண்டியவை என்ற ஐந்தாவது கட்டத்தில், மூட்டு வலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கவும் என்பது முதல் வரியாக இருக்கட்டும்.